இரவு 9.30 முதல் அதிகாலை 3 மணி வரை 5 ரவுண்டு: விர்ச்சுவல் ஆன்சைட்டில் கடைசி ரவுண்டு வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

முதல் 2 ரவுண்டு அருமையாகப் போகும். மூன்றாவது சுமார். ஐந்தாவது ரவுண்டில், நன்றாகத் தெரிந்த கேள்விக்கே வாய் திறக்க வராது. அமெரிக்க ஐடி நிறுவனங்களின் விர்ச்சுவல் ஆன்சைட்டை எழுதியவர்கள் பலரும் சொல்லும் கதை இது. தெரியாததால் போவதில்லை, தெம்பு தீர்ந்ததால் போகிறது. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வேலை இன்டர்வியூ அன்று இரவு தொடங்குவதில்லை; அதற்கு ஒரு வாரம் முன்பே, ரெக்ரூட்டருக்குப் போடும் ஒரு மெயிலில் தொடங்குகிறது.

விர்ச்சுவல் ஆன்சைட் என்றால் என்ன?

முன்பெல்லாம் போன் இன்டர்வியூவில் தேறியவரை நிறுவனம் தன் செலவில் அலுவலகத்துக்கே வரவழைக்கும். காலையில் உள்ளே போனால் மாலை வரை ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேள்வி கேட்பார்கள். நடுவில் ஒருவர் கேன்டீனுக்கு அழைத்துப்போய் சாப்பாடு வாங்கித் தருவார். இதற்குப் பெயர்தான் 'ஆன்சைட்'. 2020-ல் கொரோனா வந்ததும் இது வீடியோ காலுக்கு மாறியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அமேசான் போன்ற நிறுவனங்கள் இதை 'லூப்' என்கின்றன.

வழக்கமாக 4 முதல் 6 ரவுண்டு இருக்கும். ஒவ்வொன்றும் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம். சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேலை என்றால் கோடிங் 2, சிஸ்டம் டிசைன் 1, பழைய வேலை அனுபவம் பற்றி 1, மேனேஜருடன் 1 என்பது சாதாரணமாக வரும் கணக்கு.

அலுவலகத்தில் நடந்தபோது ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு நடப்பது, தண்ணீர் எடுக்கப் போவது, லிஃப்டில் இரண்டு வார்த்தை பேசுவது என்று தானாகவே சின்னச் சின்ன இடைவெளி கிடைத்தது. வீடியோ காலில் அதெல்லாம் இல்லை. ஒரு லிங்க்கை மூடினால் அடுத்த லிங்க். உட்கார்ந்த இடம் அதே இடம்.

கடைசி ரவுண்டு ஏன் முக்கியம்?

பல பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு இன்டர்வியூவரும் தன் கருத்தைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தன்னுடையதை எழுதி முடிக்கும்வரை மற்றவர் எழுதியதை அவர் பார்க்க முடியாது. எல்லாம் வந்த பிறகுதான் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள்.

இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டாவது ரவுண்டில் சொதப்பினால் மூன்றாவது ரவுண்டில் வருபவருக்கு அது தெரியாது. அது நல்லது. ஆனால் ஐந்தாவது ரவுண்டில் வருபவர் காலை காபி குடித்துவிட்டு ஃப்ரெஷ்ஷாக வந்து உட்காருகிறார். எதிரில் இருப்பவர் 4 மணி நேரமாகப் பேசிக் களைத்திருக்கிறார் என்பதை அவர் கணக்கில் எடுக்கமாட்டார். முதல் ரவுண்டுக்கு உள்ள அதே அளவுகோல்தான் கடைசி ரவுண்டுக்கும். ஆகவே கடைசி ரவுண்டு எத்தனை மணிக்கு என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுவதே சரி.

இடைவெளி இல்லாவிட்டால் மூளைக்கு என்ன ஆகிறது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 2021-ல் 14 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. தலையில் மூளை அலைகளை அளக்கும் கருவியுடன் அவர்கள் தலா அரை மணி நேரம் ஓடும் 4 வீடியோ மீட்டிங்கில் கலந்துகொண்டனர். ஒரு நாள் இடைவெளியே இல்லாமல், இன்னொரு நாள் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் நடுவே 10 நிமிடம் தியானத்துடன்.

இடைவெளி இல்லாத நாளில் மன அழுத்தத்தைக் காட்டும் அலைகள் மீட்டிங்குக்கு மீட்டிங் கூடிக்கொண்டே போயின. ஒரு காலை முடித்து அடுத்த காலுக்குத் தாவும் நேரத்தில் குறிப்பாக எகிறின. இடைவெளி விட்ட நாளில் அந்த ஏற்றம் சேரவில்லை. 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்றாலும், அனுபவத்தில் பலரும் உணர்வதுடன் இது ஒத்துப்போகிறது.

அதே 2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் வீடியோ கால் களைப்புக்கு 4 காரணங்களை முன்வைத்தார். மிக நெருக்கத்தில் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது, தன் முகத்தையே விடாமல் பார்ப்பது, அசையாமல் உட்காருவது, தலையாட்டல் போன்ற சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது ஆகியவையே அவை.

இதில் இரண்டாவதைச் சரிசெய்ய ஒரு கிளிக் போதும். ஜூமில் தன் வீடியோ மேல் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Hide Self View கொடுத்தால், எதிரில் இருப்பவருக்கு முகம் தெரியும், தனக்குத் தெரியாது. கேமரா சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இதைச் செய்துவிடலாம்.

ரெக்ரூட்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

தெம்பைக் காப்பாற்றுவதில் பாதி வேலை டைம்டேபிளில் இருக்கிறது. அதைப் போடுபவர் ரெக்ரூட்டர். அவர் பத்துப் பேருடைய காலண்டரைப் பார்த்து, கிடைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுவார். யாரும் கேட்காவிட்டால் இடைவெளி வராது. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். இடைவெளி கேட்டதற்காக மதிப்பெண் குறைக்கும் வழக்கம் இல்லை. ரெக்ரூட்டருக்கும் தன் ஆள் நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் இருக்கும்.

தேதி முடிவாகும் முன்பே கேட்டுவிட வேண்டும். காலண்டர் அழைப்பு போன பிறகு மாற்றுவது கஷ்டம். மெயிலில் கேட்க வேண்டியவை 3 விஷயங்கள்தான். முதலாவது, ரவுண்டுகளை 2 நாளாகப் பிரிக்க முடியுமா? இரண்டாவது, முடியாது என்றால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவே 15 நிமிடமும், பாதியில் ஒருமுறை 30 நிமிடமும் கிடைக்குமா? மூன்றாவது, எந்த ரவுண்டு எப்போது, சிஸ்டம் டிசைன் போன்ற கனமான ரவுண்டை முன்னால் வைக்க முடியுமா? மூன்றாவது கோரிக்கை இன்டர்வியூவர்களின் நேரத்தைப் பொறுத்தது, கிடைக்காமலும் போகலாம். முதல் இரண்டும் சாதாரணமாகக் கேட்கப்படுபவை.

சர்க்கரை நோய், கர்ப்பம், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது, முதுகு வலி போன்ற காரணம் இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை நிமிட இடைவெளி வேண்டும் என்று தெளிவாகக் கேட்கலாம். மருத்துவ விவரம் முழுவதும் சொல்லத் தேவையில்லை.

இரவில் நடந்தால் நேரக் கணக்கு என்ன?

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு கலிஃபோர்னியா டீமுக்கு இன்டர்வியூ கொடுப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே கோடை நேரம் நடப்பில் இருக்கும்போது இந்தியா 12 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. அங்கு காலை 9 என்றால் இங்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் நகர்த்துவார்கள். அதன்பின் வித்தியாசம் 13 மணி 30 நிமிடம் ஆகிவிடும். அதே காலை 9, இங்கு இரவு 10.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை இப்படித்தான்.

அக்டோபரில் பேசி முடித்த இன்டர்வியூ நவம்பரில் நடந்தால் இந்த 1 மணி நேரத்தில்தான் குழப்பம் வரும். ரெக்ரூட்டருக்கு எழுதும்போது இந்திய நேரம், கலிஃபோர்னியா நேரம் இரண்டையும் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம்

கோவையில் இருக்கும் ஒரு இன்ஜினீயருக்கு, கலிஃபோர்னியா டீமிடமிருந்து ஜூன் மாதத்தில் இப்படி ஒரு டைம்டேபிள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 9.30-க்குக் கோடிங், 10.30-க்கு இரண்டாவது கோடிங், 11.30 முதல் 12 வரை இடைவெளி, 12 மணிக்கு அனுபவம் பற்றிய ரவுண்டு, 1 மணிக்கு மேனேஜர், 2 முதல் 3 வரை சிஸ்டம் டிசைன்.

இதில் தப்பு எங்கே இருக்கிறது? கனமான ரவுண்டு அதிகாலை 2 மணிக்கு வருகிறது. பகலில் வேலை செய்து பழகிய உடம்பு தூங்கத் துடிக்கும் நேரம் அது. ஒரு பெரிய பெட்டி, நாலு அம்பு போட்டு சிஸ்டத்தை விளக்க வேண்டிய இடத்தில், கேட்ட கேள்வியே பாதிதான் மனதில் நிற்கும்.

அவர் ரெக்ரூட்டரிடம் 2 இரவாகப் பிரிக்கச் சொல்கிறார். சம்மதம் கிடைத்தால் புது டைம்டேபிள் இப்படி அமையும். முதல் இரவு 9.30-க்கு ஒரு கோடிங், 10.45-க்கு அடுத்த கோடிங், 12 மணிக்கு அனுபவம். இரவு 1 மணிக்கு முடிந்துவிடும். இரண்டாவது இரவு 9.30-க்கு சிஸ்டம் டிசைன், 10.45-க்கு மேனேஜர். 11.45-க்கு எல்லாம் ஓவர். கேள்விகள் அதே கேள்விகள்தான். ஆனால் கனமான ரவுண்டு அதிகாலை 2 மணியிலிருந்து இரவு 9.30-க்கு வந்துவிட்டது.

'ஒரே நாளில்தான் முடியும்' என்று பதில் வந்தால்? அப்போது சிஸ்டம் டிசைனை முதல் ரவுண்டாகவும், மேனேஜருடன் பேசுவதைக் கடைசியாகவும் வைக்கக் கேட்கலாம். களைத்திருக்கும்போது புதுச் சிக்கலை அவிழ்ப்பதைவிட, தான் செய்த வேலையைப் பற்றிப் பேசுவது சுலபம்.

கூடவே பகல் நேரத்தையும் மாற்ற வேண்டும். அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிடுவது நல்லது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு உட்கார்ந்தால், முதல் ரவுண்டே மூன்றாவது ரவுண்டு மாதிரி ஆகிவிடும். மதியம் 3 மணிக்குப் படுத்து ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்தால் இரவுக்குக் கைகொடுக்கும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் 20 நிமிடம் போதும். இன்டர்வியூவுக்குச் சற்று முன்பு நீண்ட தூக்கம் கூடாது. எழுந்ததும் மந்தமாக இருக்கும். அது தெளிய நேரம் பிடிக்கும்.

என்ன சாப்பிடலாம்? எப்போது சாப்பிடலாம்?

இரவுச் சாப்பாட்டை 7.30 மணிக்குள், அதாவது முதல் ரவுண்டுக்கு 2 மணி நேரம் முன்பே முடித்துவிடலாம். வழக்கமாகச் சாப்பிடுவதில் முக்கால் அளவு போதும். 3 இட்லி சாம்பார், 2 சப்பாத்தி பருப்பு, கொஞ்சம் சாதம் காய்கறி என்று எது பழக்கமோ அது. பிரியாணி, பரோட்டா போன்ற கனமான சாப்பாடு வயிற்றை நிறைத்துக் கண்ணைச் சொருகவைக்கும். அன்று புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம். வயிறு கெட்டால் இடைவெளி எல்லாம் பாத்ரூமிலேயே போய்விடும்.

நடு இடைவெளி 30 நிமிடம் என்றாலும் முழுச் சாப்பாடு வேண்டாம். ஒரு வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை, கை நிறைய வேர்க்கடலை, ஒரு டம்ளர் மோர் என்பது போலச் சின்னதாக இருந்தால் போதும். 15 நிமிட இடைவெளிகளில் 2 வாய் கடலை மிட்டாயோ, பேரீச்சம்பழமோ போதுமானது. எல்லாவற்றையும் மாலையே எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். நள்ளிரவில் கிச்சனில் பாத்திரம் உருட்டினால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். 5 நிமிடமும் போய்விடும்.

4 மணி நேரம் பேசினால் தொண்டை காய்ந்துவிடும். அதற்காக ஒரே மடக்கில் ஒரு லிட்டர் குடித்தால் ரவுண்டு நடுவில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். கையெட்டும் இடத்தில் பாட்டில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் பேசும்போது ஒரு வாய் குடிப்பது சரியான முறை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சர்க்கரை அளவு திடீரென இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள குளுக்கோஸ் மேசை மேலேயே இருக்கட்டும்.

காபி எத்தனை?

காபி குடித்தால் அரை மணி முதல் 1 மணி நேரத்துக்குள் அதன் வேலை உச்சத்துக்கு வரும். உடம்பில் சேர்ந்த காஃபினில் பாதி குறையவே பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இந்த இரண்டு கணக்கும் தெரிந்தால் எப்போது குடிப்பது என்பது சுலபம்.

9.30-க்குத் தொடங்கும் இன்டர்வியூவுக்கு 8.45 வாக்கில் ஒரு சின்ன டம்ளர். 11.30 இடைவெளியில் இன்னொன்று. அது கடைசி ரவுண்டு வரைக்கும் வேலை செய்யும். அதற்குமேல் ஊற்றினால் கை நடுங்கும், பேச்சு வேகமெடுக்கும், இன்டர்வியூ முடிந்தும் விடியும்வரை தூக்கம் வராது. வழக்கமாகக் காபியே குடிக்காதவர் அன்று மட்டும் குடித்துப் பரிசோதனை செய்யக்கூடாது. எனர்ஜி டிரிங்குக்கும் இதே விதிதான்.

15 நிமிட இடைவெளியில் என்ன செய்வது?

முதலில் காலை விட்டு முழுவதுமாக வெளியே வர வேண்டும். மியூட் போட்டால் மட்டும் போதாது. சில நிறுவனங்கள் எல்லா ரவுண்டுக்கும் ஒரே லிங்க் தரும். அடுத்தவர் முன்கூட்டியே வந்து காத்திருக்கலாம். 'செம கடியா இருந்தது' என்று வீட்டில் சொல்வது அவர் காதில் விழக்கூடாது.

அடுத்து, முடிந்த ரவுண்டைப் பற்றி மனதில் ஓடுவதை ஒரு தாளில் 2 வரி எழுதிக் கவிழ்த்து வைத்துவிடலாம். விடையை கூகுளில் தேடக்கூடாது. தவறு என்று தெரிந்தால் அந்த வருத்தம் அடுத்த ரவுண்டுக்கும் கூட வரும். அந்த ரவுண்டின் முடிவோ மாறப்போவதில்லை.

பிறகு எழுந்துவிட வேண்டும். பாத்ரூம், முகம் கழுவல், பால்கனியிலோ மொட்டை மாடியிலோ 4 நிமிட நடை, தூரத்தில் இருக்கும் ஒரு விளக்கைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு. போனை எடுக்காமல் இருப்பது முக்கியம். அதுவும் இன்னொரு திரைதான்.

3 நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்து, அடுத்து வருபவர் பெயரையும் எந்த ரவுண்டு என்பதையும் பார்த்து, மைக்கைச் சரிபார்த்து உட்கார்ந்தால் போதும்.

காகிதத்தில் 15 நிமிடம் இருந்தாலும் கையில் 7 நிமிடம்தான் கிடைக்கும் என்பதும் நடக்கும். முந்தைய ரவுண்டு இழுத்துக்கொண்டே போவதுதான் காரணம். நேரம் முடிய 2 நிமிடம் இருக்கும்போது, 'அடுத்த ரவுண்டு இத்தனை மணிக்கு இருக்கிறது' என்று பணிவாக நினைவூட்டலாம். அப்படியும் இடைவெளி முழுதாகப் போய்விட்டால், அடுத்த ரவுண்டு தொடங்கியதும் '2 நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா?' என்று கேட்பதில் தவறில்லை. 2 நிமிட இழப்பைவிட, தெளிவில்லாத 60 நிமிடம் பெரிய நஷ்டம்.

தெம்பு தீர்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

களைப்பு சொல்லிக்கொண்டு வராது. அதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. கேள்வியை ஒரே வரியில் இரண்டு முறை படிப்பது, எதிரில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்வது, சந்தேகம் கேட்காமல் நேராகக் கோடு எழுதத் தொடங்குவது, பதில் எங்கே முடிப்பது என்று தெரியாமல் நீள்வது, குரல் ஒரே சுருதிக்கு இறங்குவது. இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். 'ஒரு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு, கேள்வியைத் தன் வார்த்தையில் தாளில் எழுதி, அதையே திருப்பிச் சொல்லி 'இதுதானே கேட்கிறீர்கள்?' என்று உறுதிசெய்துகொள்வது. மூளைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எதிரில் இருப்பவருக்கோ இது நிதானமாக வேலை செய்பவரின் பழக்கமாகத்தான் தெரியும்.

உடம்பு நிஜமாகவே முடியவில்லை, காய்ச்சல், தலைசுற்றல் என்றால் அப்படியே ஓட்டக்கூடாது. மீதி ரவுண்டை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி ரெக்ரூட்டருக்கு உடனே மெயில் போடலாம். நடந்து முடிந்த ரவுண்டின் கருத்தை மாற்றுவது கடினம். நடக்காத ரவுண்டைத் தள்ளிவைப்பது சுலபம்.

பகலில் நடந்தால்?

பெங்களூரு, ஹைதராபாத் டீம்களுக்கு இன்டர்வியூ பகலில்தான் நடக்கும். அங்கே சிக்கலான நேரம் மதியம் 1 முதல் 3 வரை. சாப்பாடு முடிந்ததும் கண் சொருகும் நேரம். காலை 10 மணிக்குத் தொடங்கும் லூப்பில் கோடிங்கும் டிசைனும் 1 மணிக்கு முன் முடியும்படி கேட்கலாம். மதியம் அரைச் சாப்பாடு, அதன்பின் 10 நிமிட நடை, பிறகு பேச்சு அதிகம் இருக்கும் ரவுண்டுகள் என்று அமைந்தால் நல்லது.

முடிந்த பிறகு

இரவு லூப் முடிந்ததும் மனம் பரபரப்பாகவே இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் திரும்ப வந்து நிற்கும். அப்போதே உட்கார்ந்து விடைகளை ஆராயாமல், தட்டில் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதே நல்லது. விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புவது ஆபத்து. லீவு போடும்போதே மறுநாள் காலைக்கும் சேர்த்து அரை நாள் போட்டுவிட வேண்டும். 2 இரவாகப் பிரித்தவருக்கு இது இன்னும் முக்கியம். அன்று இரவு 9.30-க்குக் காத்திருப்பது சிஸ்டம் டிசைன்.